செமினார் பாடலை விவாத ஸ்லைடுகளாக மாற்றுவது எப்படி: ஒரு குறுந்தொகைப் பாட்டை வைத்துச் செய்முறை

இலக்கிய செமினாரில் "இந்த வாரம் நீங்கள் விவாதத்தை நடத்துங்கள்" என்று சொன்னதும் பலரும் செய்வது ஒன்றுதான். ஆசிரியர் குறிப்பு, திணை, துறை, உரை, நயம் என்று பதினைந்து ஸ்லைடு போட்டு, கடைசி ஸ்லைடில் "கேள்விகள்?" என்று கேட்பார்கள். அதற்குள் எல்லாவற்றையும் நாமே சொல்லி முடித்திருப்போம். வகுப்பில் யாருக்கும் பேச எதுவும் மிஞ்சியிருக்காது. விவாத ஸ்லைடில் பாதி வேலை எதைக் காட்டாமல் வைத்திருப்பது என்று முடிவு செய்வதுதான்.

கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடலை எடுத்துச் செய்து பார்ப்போம். முப்பது நிமிட விவாதத்துக்கு ஐந்து அடிப் பாட்டு தாராளம்.

> யாரும் இல்லைத் தானே கள்வன்
> தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
> தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
> ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
> குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னோடு கூடிய நாளில் வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான்; அவனே அதைப் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றும் அங்கே இருந்தது. இவ்வளவுதான் பாட்டு.

படி 1: இடறும் இடங்களைக் குறியுங்கள்

உரையைத் திறப்பதற்கு முன் பாட்டை இரண்டு மூன்று முறை படித்து, "இது ஏன் இப்படி?" என்று தோன்றும் இடங்களில் கோடு போடுங்கள். இங்கே எனக்கு இரண்டு இடங்கள் இடறின. "யாரும் இல்லை" என்று தொடங்கியவள் "குருகும் உண்டு" என்று முடிக்கிறாள். பிறகு, இவ்வளவு பெரிய கவலைக்கு நடுவே ஐந்தில் ஒரு முழு அடி பறவையின் காலுக்குப் போகிறது. உங்களுக்கு வேறு இடங்கள் இடறலாம், தவறில்லை. அழகான உவமை, ஆழமான கருத்து என்று தோன்றிய இடங்களை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவற்றைப் பற்றி எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள்.

படி 2: இடறலைக் கேள்வியாக்குங்கள்

நேரம் அதிகம் போகவேண்டிய படி இதுதான். முதலில் கைக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "கபிலர் இயற்கையை எவ்வாறு பயன்படுத்துகிறார்?" இதற்குப் பாட்டைப் படிக்காதவரும் பதில் சொல்லிவிடுவார். "தலைவி கவலையில் இருக்கிறாளா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று வரும், அதோடு பேச்சு நின்றுவிடும்.

நல்ல கேள்விக்கு நான் வைத்திருக்கும் சோதனை இது: இரண்டு பேர் எதிரெதிராகப் பதில் சொல்லி, இருவருமே பாட்டில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்ட முடிகிறதா? இதை வைத்துத் திருத்திப் பார்ப்போம்.

"குருகும் உண்டு என்று சொல்லும்போது அவள் முதல் அடியைத் திருத்துகிறாளா, உறுதிப்படுத்துகிறாளா?"

திருத்துகிறாள் என்பவர் "குருகும்" என்பதில் உள்ள உம்மையைக் காட்டலாம்: சாட்சி ஒன்று இருக்கத்தான் செய்தது. உறுதிப்படுத்துகிறாள் என்பவர் "ஆரல் பார்க்கும்" என்பதைக் காட்டலாம்: அதன் கண் மீனில் இருந்தது, இவர்களைப் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தாலும் பேசாது. இருவருக்கும் பாட்டிலேயே பிடி இருக்கிறது. கேள்வி தேறிவிட்டது.

முப்பது நிமிடத்துக்கு இப்படி மூன்று கேள்விகள் போதும்.

படி 3: ஸ்லைடுகளை அடுக்குங்கள்

முதல் ஸ்லைடில் பாட்டு மட்டும் இருக்கட்டும். பொருளை வாயால் சொல்லிவிடலாம். எழுதிப் போட்டால் கண் அதிலேயே நின்றுவிடும், மூலத்துக்குத் திரும்பாது. யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவதில் முதல் அடியும் கடைசி அடியும், அவற்றுக்குக் கீழே படி 2இல் தேறிய கேள்வி. ஒரு ஸ்லைடுக்கு ஒரு கேள்விதான். மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டால் வகுப்பு எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லும்.

மூன்றாவது ஸ்லைடு எனக்கு மிகவும் பிடித்தது. நடு அடிகளை எடுத்துவிடுங்கள்:

> யாரும் இல்லைத் தானே கள்வன்
> தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
> . . .
> குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

கேள்வி: "செய்தி அப்படியே இருக்கிறது. என்ன போய்விட்டது?" கால் எப்படி இருந்தது என்பதுவரை அவளுக்கு நினைவிருக்கிறது என்று ஒருவர் சொல்லலாம். அந்த நேரத்தில் அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இன்னொருவர் கேட்கலாம். "உவமை நயம் பற்றிக் கூறுக" என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது.

நான்காவதில்தான் கூற்றுக் குறிப்பு வரவேண்டும்: திருமணம் தள்ளிப்போகும்போது தலைவி தோழிக்குச் சொன்னது. வழக்கமாக இதை முதலிலேயே போட்டுவிடுவோம். போட்டால் "யாரிடம் பேசுகிறாள்?" என்று யோசிக்க இடமில்லாமல் போகும். பாட்டின் ஐந்து அடிகளில் தோழி என்ற சொல்லே இல்லை. அந்தக் குறிப்பு பாட்டுக்கு வெளியே நிற்பது. ஆகவே கேள்வி: "இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இதை யாரிடம் பேசுவதாகப் படிப்பீர்கள்? எந்தச் சொல் அப்படிப் படிக்க வைக்கிறது?"

ஐந்தாவது ஸ்லைடில் மறுபடியும் முழுப் பாட்டு, கேள்வி எதுவும் இல்லாமல். பேச்சு எங்கே போனாலும் திரும்பிவர அது திரையில் இருக்கவேண்டும். தொகுப்புரை ஸ்லைடு வேண்டாம்; முன்கூட்டியே எழுதிய முடிவு வகுப்பு பேசியதோடு பொருந்தாது.

படி 4: நோட்ஸ் பகுதியை நிரப்புங்கள்

ஸ்லைடுக்குக் கீழே உள்ள Notes பகுதியில் உரை எழுதி வைத்துப் படிக்காதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரி போதும்: அமைதி நீடித்தால் கேட்கவேண்டிய சிறிய கேள்வி, பேச்சு விலகினால் இழுத்துவரும் கேள்வி.

இரண்டாவது ஸ்லைடுக்கு என் சிறிய கேள்வி: "அந்தக் குருகை ஊரார் முன் சாட்சியாக நிறுத்த முடியுமா?" முதல் பதில் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். அந்த அமைதி கேட்பவர்களைவிட நடத்துபவருக்குத்தான் நீளமாகத் தெரியும்.

விலகல் எங்கே வரும் என்பதையும் ஊகிக்கலாம். இந்தப் பாட்டில் யாராவது "குருகுதான் தலைவன், மீன்தான் தலைவி" என்று சொல்லுவது கிட்டத்தட்ட நிச்சயம். நல்ல வாசிப்புதான், ஆனால் சொன்னதும் புதிர் அவிழ்ந்துவிட்டது என்று வகுப்பு ஓய்ந்துவிடும். அதற்கு நோட்ஸில் இருக்கவேண்டிய கேள்வி: "அப்படியானால் அவனுக்கு ஏன் இவ்வளவு மெல்லிய கால்?"

படி 5: கோப்பைச் சரிபாருங்கள்

தமிழ் எழுத்து வேறு கணினியில் கட்டம் கட்டமாகச் சிதறுவது வழக்கமான தொல்லை. யூனிகோடில் தட்டச்சு செய்து, கூடவே ஒரு PDF பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். PDF-இல் அனிமேஷன் வேலை செய்யாது. அதனால் மூன்றாவது ஸ்லைடில் அடிகளை அனிமேஷனால் மறைக்காமல், ஸ்லைடை நகலெடுத்து நகலில் அடிகளை அழித்துவிடுங்கள். எழுத்தளவு 28க்குக் குறையாமல் இருந்தால் கடைசி வரிசைக்கும் புள்ளிகள் தெரியும். பழைய பாட்டில் ஒரு புள்ளி தெரியாமல் போனாலும் சொல் மாறிவிடும்.