முதல் வாக்கியத்தில் தொலையும் நிமிடங்கள்: அவசர அழைப்பை எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், ஒவ்வொரு வருடமும் எங்கள் கட்டுப்பாட்டு அறைக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள். இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது என் வேலை. போனில் கத்தக் கூடாது, அழைப்பு ஓடும்போது பக்கத்து நாற்காலியோடு பேசக் கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது அவர்களுக்கே தெரியும். தெரியாமல் தவறுவது முதல் வாக்கியத்தில்தான். எங்கள் செட்டில் எல்லாரும் செய்த அதே தவறுகள் வரிசைகூட மாறாமல் திரும்ப வருகின்றன.

நாங்கள் சொல்லித்தரும் வாக்கியம் இவ்வளவுதான்: “வணக்கம், நீலகிரி அவசரக் கட்டுப்பாட்டு அறை. எந்த இடத்துக்கு உதவி வரணும்?” நிதானமாகச் சொன்னாலும் நான்கைந்து நொடிக்கு மேல் ஆகாது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதியும் வைத்திருக்கிறோம். அப்படியும் இரண்டாம் நாளே ஆளுக்கொரு வாக்கியம் வந்துவிடும்.

“ஹலோ, சொல்லுங்க”

வீட்டுப் பழக்கம். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு இதில் எந்தத் தகவலும் இல்லை. சரியான இடத்துக்குத்தான் போன் போயிருக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதனால் “ஹலோ, ஆம்புலன்ஸா? ஆபீஸா? யாரு பேசறது?” என்று அவர் கேட்பார். நாம் பதில் சொல்வோம். அப்புறம் அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அறையின் பெயரை நாமே சொல்லியிருந்தால் இந்தப் போக்குவரத்தே நடந்திருக்காது.

மலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பந்தலூர், சேரம்பாடி பக்கம் நின்றால் போன் வயநாட்டு டவரைப் பிடிக்கும். முதுமலையின் வடக்கு ஓரத்தில் கர்நாடக டவர். 108 மூன்று மாநிலங்களிலும் ஓடும் எண், 112 நாடு முழுக்க. அதனால் எண்ணை அழுத்தியவருக்கே தான் எந்த மாநிலத்து அறையோடு பேசுகிறோம் என்பது தெரியாமல் போகலாம். முதல் மூச்சிலேயே “நீலகிரி” என்று காதில் விழுந்தால் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

“வணக்கம்” எதற்கு, நேரம்தானே வீண் என்று ஒவ்வொரு செட்டிலும் ஒருவர் கேட்பார். லைன் முழுதாக இணைவதற்குள் பேசினால் முதல் ஒன்றிரண்டு அசைகள் விழுங்கப்பட்டுவிடும். “வணக்கம்” விழுங்கப்பட்டால் நஷ்டமில்லை, “நீலகிரி” விழுங்கப்பட்டால் நஷ்டம். மரியாதை என்பது கூடுதல் லாபம்.

“எங்கிருந்து பேசறீங்க?”

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்ற தவறுகளில் நொடிகள் போகும், இதில் வண்டியே தப்பான ஊருக்குப் போகும். கேட்பதற்கு அவ்வளவு பொறுப்பான கேள்வியாக இருப்பதால் யாரும் இதைத் தவறென்று நினைப்பதும் இல்லை.

ஒரு சாயங்கால அழைப்பு. எடுத்தது வேலைக்கு வந்து சில வாரமே ஆன பையன். பேசியவர் ஜீப் டிரைவர்.

“ஹலோ, சொல்லுங்க.”

“அண்ணா, கார் கவுந்து கெடக்குங்க. ரெண்டு பேருக்கு அடி.”

“எங்கிருந்து பேசறீங்க?”

“மசினகுடிங்க.”

“மசினகுடில எங்க?”

“பஸ் ஸ்டாண்டுகிட்டங்க.”

பையன் அதை அப்படியே பதிவு செய்தான். மசினகுடிக்குப் பக்கத்தில் இருந்த ஆம்புலன்ஸுக்குத் தகவல் போனது. வண்டி சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் நாலு பேர் நின்றார்கள், கவிழ்ந்த கார் எதுவும் இல்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் அந்த ஜீப்காரர் எண்ணைக் கூப்பிட்டார். பிஸி. அவர் கார்க்காரர்களின் வீட்டுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவழியாக லைன் கிடைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கார் கிடந்தது கல்லட்டி மலைப்பாதையில், கல்லட்டி ஊருக்குக் கொஞ்சம் கீழே. அந்த வளைவில் சிக்னல் இல்லை. ஜீப்காரர் இறங்கிக்கொண்டே வந்து, சிக்னல் வந்த இடத்தில் நிறுத்திப் பேசியிருக்கிறார். அந்த இடம்தான் மசினகுடி பஸ் ஸ்டாண்டு.

அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்.

கல்லட்டி பாதை தெரிந்தவர்களுக்கு மீதிக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. 36 கொண்டை ஊசி வளைவுகள், முதல் கியரில் முனகிக்கொண்டு ஏற வேண்டிய சரிவு. விபத்து நடந்தது மேல்பாதியில். ஊட்டியிலிருந்து தலைக்குந்தா வழியாக ஒரு வண்டியை இறக்கியிருந்தால் முன்னதாகப் போயிருக்கும், அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குத் திரும்புவதும் எளிது. பதிலாக, மசினகுடியில் தேடி அலைந்த வண்டி அங்கிருந்து மேலே ஏறியது. கால் முறிந்த மனிதர் அதுவரை ரோட்டோரத்தில் குளிரில் கிடந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் இது யாருக்கும் பாடமாகவும் ஆகவில்லை. அடுத்த வாரமே இன்னொரு நாற்காலியிலிருந்து “எங்கிருந்து பேசறீங்க?” என்று கேட்டது. எரிச்சல் வருமா, வராதா?

சமவெளியில் பெரும்பாலும் விபத்தைப் பார்த்தவர் அங்கேயே நின்று கூப்பிடுவார். மலையில் அப்படி இல்லை. சிக்னலுக்காக மேடேறிப் போய்ப் பேசுவார்கள். பஸ் கண்டக்டர் அடுத்த ஸ்டாப்பிலிருந்து சொல்வார். தேயிலைக் காட்டில் பெண் மயங்கி விழுந்தால் சூப்பர்வைசர் ஃபேக்டரி ஆபீசுக்கு வந்து கூப்பிடுவார். ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், தனியாக இருக்கும் அம்மாவுக்கு நெஞ்சுவலி என்றால் அம்மா கூப்பிடுவது கோயம்புத்தூரில் இருக்கும் மகனை, நம்மைக் கூப்பிடுவது அந்த மகன். பேசுகிறவர் ஓரிடம், வண்டி போக வேண்டியது வேறிடம். இங்கே இது விதிவிலக்கில்லை, அன்றாடம்.

“இப்போ ஸ்கிரீன்லயே லொகேஷன் வருதே சார்” என்பார்கள். வருகிறது. ஆனால் திரையில் விழும் புள்ளி போன் இருக்கும் இடம், அடிபட்டவர் இருக்கும் இடம் அல்ல. இதில் ஒரு வம்பு இருக்கிறது. “எங்கிருந்து பேசறீங்க?” என்று கேட்டால் வரும் தப்பான பதிலும் அந்தப் புள்ளியும் கச்சிதமாகப் பொருந்திப் போகும். இரண்டு சாட்சியும் மசினகுடி என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? “எந்த இடத்துக்கு உதவி வரணும்?” என்று கேட்டால் “கல்லட்டி” என்று பதில் வந்திருக்கும். புள்ளி மசினகுடியில் நின்றிருக்கும். அந்த முரண்பாடே “நீங்க இப்போ அந்த இடத்துலதான் இருக்கீங்களா?” என்ற இரண்டாவது கேள்வியை நம் வாயில் வைத்திருக்கும்.

அந்த இரண்டாவது கேள்வி எப்படியும் வேண்டும். ஆமாம் என்றால் அவரைக் கொண்டு ரத்தத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லலாம், மூச்சு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். இல்லை என்றால் அங்கே யார் இருக்கிறார்கள், அவர்கள் எண் என்ன என்று கேட்க வேண்டும். மலைப்பாதை என்றால் அடுத்தது, “மேலிருந்து வந்தா கிட்டவா, கீழிருந்து வந்தா கிட்டவா?” டிரைவர்கள் இதற்கு உடனே பதில் சொல்வார்கள்.

இடத்தை ஏன் முதலில் கேட்க வேண்டும் என்றால், லைன் எப்போது அறுந்துபோகும் என்று தெரியாது. இடம் மட்டும் கையில் இருந்தால் என்ன நடந்தது என்று தெரியாமலேயே ஒரு வண்டியை அனுப்பலாம். கதை முழுக்கத் தெரிந்து இடம் தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்காவில் 911 அறைகள் பலவும் “என்ன அவசரம்?” என்ற பழைய தொடக்கத்தை விட்டு “எந்த முகவரியில் அவசரம்?” என்று மாறியது இதனால்தான். பிரிட்டனில் 999 எண்ணை எடுக்கும் ஆபரேட்டர் போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா என்றுதான் முதலில் கேட்பார். அங்கே அவருடைய வேலை லைனைச் சரியான அறைக்கு மாற்றிவிடுவது. எந்தக் கேள்வி முதலில் என்பது அந்த நாற்காலியின் வேலையைப் பொறுத்தது. நம் நாற்காலி வண்டியை அனுப்பும் நாற்காலி.

ஊர்ப்பெயர் வந்ததும் தாலுகாவையும் கேளுங்கள். மாவட்டத்தில் ஆறு தாலுகா. காந்தி நகர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். “டான்டீ லைன் வீடு”, அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பு, என்றால் கோத்தகிரியும் இருக்கலாம், சேரம்பாடியும் இருக்கலாம். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, “ஆமாங்க” என்று வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

“என்ன ஆச்சு?” என்று தொடங்குவது

இடம் தெரிந்த பிறகு கேட்கலாம். முதலில் கேட்டால் காலையில் காபி குடித்ததிலிருந்து கதை வரும். அது அவர் தப்பில்லை, கேள்வி அப்படி. இடத்துக்குப் பிறகும் “இப்போ எப்படி இருக்காங்க? முழிச்சிருக்காங்களா? மூச்சு விடறாங்களா?” என்று இப்போதைய நிலையைக் கேட்பது நல்லது. கதை இல்லாத பதில் வரும்.

“பதறாதீங்க”

சொல்லாதீர்கள்.

பேரை முதலில் கேட்பது

கடைசியில் கேளுங்கள்.

ஆளுக்கேற்ப வாக்கியத்தை மாற்றுவது

கெட்டிக்காரப் பிள்ளைகள் செய்யும் தவறு இது. வயதானவர் என்றால் ஒரு மாதிரி, கோபக்காரர் என்றால் ஒரு மாதிரி என்று பேசப் பார்ப்பார்கள். எடுக்கும்போது அந்தப் பக்கம் யார் என்றே தெரியாதே? வாக்கியத்தை யோசித்து உருவாக்கும் அந்த ஒரு நொடியில் “ம்ம்… சொல்லுங்க, வந்து…” என்று ஒரு தயக்கம் நுழையும், அந்தத் தயக்கம் எதிராளிக்குக் கேட்கும். மனப்பாடமான வாக்கியம் என்றால் வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காது வேலை செய்யும். பின்னால் அழுகையா, வண்டிச் சத்தமா, பேசுபவர் மூச்சு வாங்குகிறாரா என்பதெல்லாம் அதற்குள் பிடிபட்டுவிடும்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் ஒரு அழைப்பை வைத்ததும் அடுத்தது அடிக்கும். மரம் விழுந்தது, மண் சரிந்தது, அதே மரத்துக்கே இன்னும் பத்துப் பேர். போன அழைப்பின் கலக்கம் இந்த அழைப்பின் குரலில் ஒட்டிக்கொண்டு வரும். ஒரே வாக்கியம், ஒரே வேகம் என்று வைத்திருந்தால் அது வழியிலேயே உதிர்ந்துவிடும்.

எதிரில் இருப்பவர் கத்தினால், சொன்னதையே அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள்: “வண்டி அனுப்பணும்ங்க, எந்த இடத்துக்கு வரணும்?” வார்த்தையை மாற்றினால் அது அவருக்குப் புதுக் கேள்வி, புதிதாகக் காதில் வாங்க வேண்டும். மாற்றாமல் இரண்டு மூன்று முறை சொன்னால் பெரும்பாலும் பதில் வந்துவிடும். படகர் மொழி மட்டுமே பேசும் பாட்டிமார்கூட மூன்றாவது தடவையில் ஹட்டியின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அது போதும், வண்டியை எடுக்கச் சொல்லலாம்.