செஞ்சிக்குப் போய்வந்த கடிதங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘நீ சென்று வந்த மலைக்கோட்டைச் சுற்றுலா பற்றி வெளிநாட்டில் வாழும் உறவினருக்குக் கடிதம் எழுதுக.’ எங்கள் ஒன்பதாம் வகுப்பு செஞ்சிக்குப் போய் வந்ததும் இதைத்தான் எழுதச் சொன்னேன். தாள்களைத் திருத்தும்போது நான் அதே வயதில் எழுதிய கடிதம் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. பிழைகள்கூட அப்படியே மாறாமல் இருக்கின்றன. ஒற்றுப்பிழை, தேதி விடுதல் இதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

‘அன்புள்ள உறவினருக்கு’

உறவினர் என்று யாரையாவது கூப்பிட்டதுண்டா? வினாத்தாளில் இருக்கும் சொல் அது. அத்தை மகனா, சித்தி மகளா என்று முதலில் முடிவு செய்யுங்கள். சித்தி மகள் சின்னவள் என்றால் ‘அன்புத் தங்கைக்கு’. மாமா மகன் பெரியவன் என்றால் வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ, அத்தானோ மச்சானோ, அப்படியே எழுதலாம். இது முடிவானால்தான் ‘நீ’யா ‘நீங்க’ளா என்பதும் முடிவாகும். பாதிக் கடிதத்தில் ‘நீ’ ‘தாங்கள்’ ஆகிவிடுவது இதை யோசிக்காததால்தான்.

கோட்டையைப் பற்றிக் கட்டுரை எழுதுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு மாணவன் எழுதியது:

‘செஞ்சிக் கோட்டை விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. இது ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைத்துக் கட்டப்பட்டுள்ளது. 1677இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார்.’

ஒரு பிழை கிடையாது. ஆனால் பேருந்திலிருந்து இறங்காதவனும் இதை எழுதலாம். நானும் எழுதியிருக்கிறேன். டொராண்டோவில் இருந்த பெரியம்மா மகளுக்கு நான்கு பக்கம் அனுப்பினேன். அக்காவிடமிருந்து வந்த பதில்: ‘இதெல்லாம் இங்கேயே புத்தகத்தில் இருக்கு. நீ மேலே ஏறினியா இல்லையா?’

ஏறியிருந்தேன். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். மூச்சு வாங்கியதும், குரங்கு என் புளிசாதப் பொட்டலத்தைப் பிடுங்கியதும் கடிதத்தில் இல்லவே இல்லை.

அந்த மாணவனைக் கூப்பிட்டு, எது மனசில் நிற்கிறது என்று கேட்டேன். ‘உச்சிக்குக் கிட்ட பாறை பிளந்து கிடக்கும்ல ஐயா, அந்தப் பாலத்துல கால் கூசிருச்சு’ என்றான். அதையே எழுதச் சொன்னேன். இரண்டாம் முறை இப்படி வந்தது:

‘உச்சியை நெருங்கும்போது பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. நடுவில் சின்னப் பாலம். கீழே பார்த்ததும் எனக்குக் கால் கூசியது. அந்தக் காலத்தில் இங்கே மரப்பாலமாம். எதிரி வந்தால் எடுத்துவிடுவார்களாம். மொகலாயப் படை 1690இல் முற்றுகையிட்டு 1698இல்தான் கோட்டையைப் பிடித்தது என்று ஐயா சொன்னார். பாலத்தில் நின்றபோது எனக்கு அது நம்பும்படியாக இருந்தது.’

வரலாறு போகவில்லை, கால் நின்ற இடத்துக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான் வேண்டும். ஆண்டுகள் இரண்டு மூன்று போதும், ஒவ்வொன்றும் படிப்பவர் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்கட்டும். 2025இல் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், செஞ்சி மட்டும் இங்கே. அந்தச் செய்தியைப் படித்த அத்தை மகன், ‘மராட்டியர் கோட்டை நம்ம பக்கம் எப்படி?’ என்று கேட்பான். 1677 அங்கே வரட்டும்.

உங்கள் கடிதத்தில் இந்தத் தவறு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ‘அமைந்துள்ளது’, ‘கட்டப்பட்டுள்ளது’, ‘திகழ்கிறது’ என்று முடியும் வாக்கியங்களுக்கு அடிக்கோடு போடுங்கள். ஒரு பத்தியில் மூன்று விழுந்தால் அந்தப் பத்தி அறிவிப்புப் பலகையிலிருந்து வந்தது.

தேசிங்கு கட்டிய கோட்டை

இல்லை. தேசிங்கு ராஜா சில மாதங்கள்தான் ஆண்டார். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்தார். கோட்டை அவருக்குப் பல நூறு ஆண்டு மூத்தது. கதைப்பாடலில் வரும் குதிரை நீலவேணியைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள், ‘கதையில் சொல்வார்கள்’ என்ற இரண்டு சொல்லோடு.

பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போவது

‘கல்யாண மகால் பார்த்தோம்’ என்றால் அங்கே இருப்பவன் திருமண மண்டபம் என்று நினைப்பான். மாடிமேல் மாடியாக உயர்ந்து, உச்சியில் கூம்பாக முடியும் கோபுரம் போன்ற கட்டடம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

‘தங்கள் உண்மையுள்ள’

தாசில்தாருக்கு.

உறைமேல் முகவரி

நாட்டின் பெயர் கடைசி வரியில். போன வாரம் பதினோரு பேர் விட்டிருந்தார்கள்.