புத்தக அட்டைக்கு டிசைனரிடம் எழுதிக் கொடுக்க வேண்டியவை

நாங்கள் போட்ட முதல் புத்தகத்தின் அட்டைக்கு நான் டிசைனருக்கு வாட்ஸாப்பில் அனுப்பியது ஒரே வரி: "கதைத் தொகுப்பு, அட்டை நல்லா பளிச்னு வேணும், பத்து நாள்ல." பத்தாம் நாள் அழகான முன்னட்டை ஒன்று வந்தது. முதுகும் பின்னட்டையும் இல்லை. கேட்டால், "அண்ணே, நீங்க அட்டைன்னுதானே சொன்னீங்க, ரேப்பர்னு சொல்லலையே" என்றார். அவர் பேசிய தொகை முன்னட்டைக்கு மட்டும். நான் மனதில் வைத்திருந்தது முழு அட்டைக்கு. இரண்டு பேரிடமும் தப்பில்லை, எழுத்தில்தான் எதுவும் இல்லை. அதன்பிறகு ஒரு பக்க வேலைக்குறிப்பு எழுதாமல் எந்த அட்டையையும் தொடங்கியதில்லை. டிசைனர்கள் இதை ப்ரீஃப் என்பார்கள். டெமி அளவில் 192 பக்கக் கதைத் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

1. கைக்கு வர வேண்டியதை எண்ணி எழுதுங்கள்

"அட்டை டிசைன்" என்று எழுதாதீர்கள். கடைசியில் உங்களிடம் என்னென்ன கோப்புகள் இருக்க வேண்டும் என்று எண்ணுங்கள். என் குறிப்பில் இப்படி இருக்கும்:

"முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் சேர்ந்த ஒரே முழு அட்டை. உள்மடிப்பு கிடையாது. இணையத்தில் போட முன்னட்டை மட்டும் தனிப் படமாக ஒன்று. போஸ்டர், புத்தகக்குறி இந்த வேலையில் சேராது."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எது சேராது என்று எழுதிவிட்டால், "அப்படியே ஒரு போஸ்டரும் போட்டுக் கொடுங்க" என்று பிறகு கேட்கும்போது அது தனி வேலை, தனிக் கூலி என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்.

"பளிச்னு" போன்ற சொற்களுக்குப் பதிலாக, உங்களுக்குப் பிடித்த மூன்று அட்டைகளின் படத்தை வைத்து, ஒவ்வொன்றிலும் எது பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பிடிக்காத ஒன்றையும் காட்டுங்கள். என் அனுபவத்தில் டிசைனருக்கு அதுதான் அதிகம் உதவுகிறது.

2. அளவை அச்சகத்தில் கேட்டு எழுதுங்கள்

டெமி என்றால் 5.5 × 8.5 அங்குலம், ஏறத்தாழ 140 × 216 மி.மீ. இது எளிது. முதுகின் கனம்தான் சிக்கல். 192 பக்கம் என்பது 96 தாள். ஒரு தாளின் கனம் 0.09 மி.மீ. என்று அச்சகம் சொன்னால், 96 × 0.09 = 8.64, அதாவது முதுகுக்கு 9 மி.மீ. அப்போது முழு அட்டையின் அகலம் 140 + 9 + 140 = 289 மி.மீ. வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக்கோடு விழாமலிருக்கச் சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் சேர்த்தால் 295 × 222 மி.மீ. இந்த எண்களை அப்படியே குறிப்பில் எழுதுங்கள்.

பக்கம் 16 கூடினால் முதுகு முக்கால் மி.மீ. அளவுக்குத்தான் மாறும். ஆனால் அச்சகம் கடைசி நேரத்தில் தாளையே மாற்றி, 0.12 மி.மீ. கனமுள்ளதைப் போட்டால் அதே 96 தாள் 11.5 மி.மீ. ஆகிவிடும். முதுகில் நடுவே இருக்க வேண்டிய தலைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி, முன்னட்டையின் நிறம் முதுகுக்கு வழிந்து நிற்கும். அதனால் இந்த வரியைச் சேர்க்கிறேன்: "முதுகின் கனம் இப்போதைக்கு 9 மி.மீ. உறுதியான அளவை டிசம்பர் 6 அன்று தருவேன். அதற்கேற்ப ஒருமுறை மாற்றுவது பேசிய தொகைக்குள் அடங்கும்."

3. கோப்பு வகையும் தமிழ் எழுத்தும்

அச்சுக்கு: சிஎம்ஒய்கே நிறத்தில், படங்கள் 300 டிபிஐ தெளிவில், எழுத்துகள் அவுட்லைன் ஆக்கப்பட்ட, அதாவது திருத்த முடியாத வடிவங்களாக மாற்றப்பட்ட பிடிஎஃப். இணையத்துக்கு: ஆர்ஜிபி ஜேபெக். இவற்றோடு, எழுத்துகள் அவுட்லைன் ஆக்கப்படாத, லேயர் பிரிந்த மூலக்கோப்பும் வேண்டும் என்றால் இப்போதே எழுதுங்கள். சிலர் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அது நியாயமும்கூட. இரண்டாம் பதிப்பில் விலையை மாற்ற அந்தக் கோப்பு தேவைப்படும்.

தமிழுக்கு இன்னொரு வரி அவசியம். யூனிகோடில் நீங்கள் அனுப்பும் பின்னட்டை வாசகத்தை டிசைன் மென்பொருளில் ஒட்டும்போது, அதில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு போடப்படாமலிருந்தால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், "கொ" உடைந்து துண்டு துண்டாக நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத டிசைனருக்கு இது கண்ணில் படாது. ஆகவே வாசகத்தை யூனிகோடில் ஒன்றும், சரியாகத் தெரியும் பிடிஎஃப் ஒன்றுமாக இரண்டாகக் கொடுத்து, "பிடிஎஃபில் தெரிவதுபோலவே அட்டையில் இருக்க வேண்டும்" என்று எழுதுங்கள். எழுத்தாளர் பெயர், விலை, ஐஎஸ்பிஎன் எல்லாம் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கட்டும். போனில் சொன்ன விலை அச்சில் தவறிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

4. தேதியைப் பின்னாலிருந்து போடுங்கள்

"பத்து நாள்" என்பது எந்த நாளிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. ஜனவரியில் வரும் சென்னைப் புத்தகக் காட்சிக்காக டிசம்பர் 10 மாலை 5 மணிக்குக் கோப்பு அச்சகத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்:

- நவம்பர் 18: முன்பணமும் எல்லா வாசகங்களும் என்னிடமிருந்து
- நவம்பர் 24: முன்னட்டைக்கு இரண்டு மாதிரிகள்
- நவம்பர் 26: அதில் ஒன்றை நான் தேர்வது
- நவம்பர் 30: முழு அட்டை
- டிசம்பர் 2: என் முதல் திருத்தப் பட்டியல்
- டிசம்பர் 4: திருத்திய அட்டை
- டிசம்பர் 6: என் இரண்டாம் பட்டியல், முதுகின் புதிய அளவோடு
- டிசம்பர் 8: இறுதிக் கோப்புகள்

பாதி தேதிகள் உங்கள் வேலைக்கானவை என்பதைக் கவனியுங்கள். அதனால் கீழே ஒரு வரி: "என் பதில் எத்தனை நாள் தள்ளிப்போகிறதோ, அடுத்த தேதியும் அத்தனை நாள் தள்ளும்." கடைசி இரண்டு நாள் இடைவெளி அதற்காகத்தான்.

5. ஒரு சுற்று என்றால் என்ன?

அதிகம் சண்டை வருவது இங்கேதான். "இரண்டு முறை திருத்தம்" என்று மட்டும் எழுதினால், காலையில் அனுப்பிய "தலைப்பைக் கொஞ்சம் பெரிசாக்குங்க" ஒரு முறையா, மாலையில் அனுப்பியது இன்னொரு முறையா என்று கேள்வி எழும். எங்கள் புத்தகம் ஒன்றில் எழுத்தாளர் மஞ்சள் பின்னணி கேட்டு டிசைனரிடம் நேராகப் பேசினார். நான் கருநீலம் கேட்டிருந்தேன். டிசைனர் இரண்டையும் செய்து, இரண்டையும் திரும்பச் செய்து, ஒரு வாரம் போனது. இப்போது எழுதுவது இது:

"ஒரு சுற்று என்பது எண்ணிட்ட ஒரே பட்டியல், ஒரே மின்னஞ்சலில். அனுப்புவது நான் மட்டும். எழுத்தாளரின் கருத்தையும் நானே சேர்த்து அனுப்புவேன். இரண்டு சுற்று பேசிய தொகைக்குள் அடங்கும். மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் தனித் தொகை: ____. கொடுத்த வாசகத்திலிருந்து டிசைனர் தவறவிட்ட எழுத்தைச் சரிசெய்வது சுற்றுக் கணக்கில் வராது. தேர்ந்த மாதிரியை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்டால் அது புதிய வேலை."

ஒப்புதலையும் சொல்லுங்கள். படத்துக்கு விழும் கட்டைவிரல் குறி ஒப்புதல் ஆகாது. கோப்புப் பெயரோடு எழுத வேண்டும்:

```
attai_v3.pdf - அச்சுக்கு ஒப்புதல். 8 டிசம்பர்.
```

அந்த வரிக்குப் பிறகு பிழை தென்பட்டால் மறு அச்சின் செலவு யாருடையது என்பதும் தெளிவாகிவிடும். ஒப்புதல் தந்த பிறகு தெரியவரும் வாசகப் பிழை என்னுடையது என்றே எழுதிவைக்கிறேன்.

6. அனுப்பிய பின்

உடனே "சரிண்ணே" என்று பதில் வந்தால் வேலையைத் தொடங்க விடாதீர்கள். எத்தனை கோப்புகள், எந்தத் தேதி, எத்தனை சுற்று என்று அவர் புரிந்துகொண்டதை அவரையே நாலு வரியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சென்ற முறை அப்படிக் கேட்டபோது, "பார்கோடு நீங்க தருவீங்களா, நான் செய்யணுமா?" என்று ஒரு கேள்வி வந்தது. அது என் குறிப்பில் இல்லை. சேர்த்துவிட்டுத்தான் முன்பணம் அனுப்பினேன்.