பேராசிரியருக்கு எழுதும் முதல் மெயில்: இன்டர்ன்ஷிப் கேட்கும்போது தவிர்க்க வேண்டியவை

எங்கள் லேபுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் மெயில்களை முதலில் படிப்பது நான்தான். பேராசிரியர் பார்க்க வேண்டியவற்றை எடுத்து அவருக்கு அனுப்புவேன். நாலு வருடமாக இதைச் செய்கிறேன். போன மாதம் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை, தான் எழுதிவைத்த வரைவை அனுப்பி "அக்கா, இது சரியா இருக்கா?" என்று கேட்டாள். திறந்து பார்த்தால், நான் என் மூன்றாம் ஆண்டில் எழுதிய அதே மெயில். வரிக்கு வரி அல்ல, ஆனால் அதே எலும்புக்கூடு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரைத் தப்பாக எழுதுவது, ஒரே மெயிலை முப்பது பேருக்கு ஒன்றாகத் தட்டிவிடுவது, எழுத்துப்பிழை, இதெல்லாம் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## கட்டுரையின் தலைப்பைச் சொன்னால் 'குறிப்பாக' எழுதியதாக நினைப்பது

இன்றுவரை என்னை எரிச்சலாக்கும் தவறு இதுதான். கவனமாக எழுத நினைக்கும் பிள்ளைகள்தான் இதைச் செய்கிறார்கள் என்பதால் கூடுதல் வருத்தம். அந்தத் தங்கையின் வரைவில் நடுப்பகுதி இப்படி இருந்தது:

> செல் உட்கருக்களைப் பிரித்தறிவது குறித்த உங்கள் கட்டுரையைப் படித்து மிகவும் ஈர்க்கப்பட்டேன். ஆழ்கற்றலைப் பயன்படுத்தி எல்லைகளைத் தனி வகுப்பாகக் கணிக்கும் உங்கள் புதுமையான அணுகுமுறை இத்துறையில் மிகவும் பயனுள்ளதாக இருக்கும் என்று நம்புகிறேன். பள்ளிக் காலத்திலிருந்தே உயிரியலிலும் கணினியிலும் எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. உங்கள் வழிகாட்டுதலில் பணியாற்றும் வாய்ப்புக் கிடைத்தால் அது என் பாக்கியம். எந்த வேலையாக இருந்தாலும் கற்றுக்கொண்டு செய்யத் தயாராக இருக்கிறேன்.

இதற்கு முன்னும் பின்னும் ஆறேழு வரிகள் இருந்தன, எல்லாம் இதே மாதிரி. பார்த்தால் குறிப்பானது போலத்தான் இருக்கிறது, கட்டுரை இருக்கிறது, முறையின் பெயர் இருக்கிறது. ஆனால் இரண்டாவது வாக்கியத்தை நன்றாகப் பாருங்கள். அது அந்தக் கட்டுரையின் சுருக்கத்திலிருந்து எடுத்தது. எழுதியவருக்கே அவருடைய சுருக்கத்தைத் திருப்பி அனுப்பினால் அவருக்கு அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? கட்டுரையை எழுதியவர் யார் என்பது அவருக்குத் தெரியும், மெயில் எழுதியவர் யார் என்பதுதான் தெரியாது. அந்த மெயிலில் இல்லாததும் அது ஒன்றுதான்.

என் கதையையும் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் நான் ஒரு பேராசிரியருக்கு எழுதிய மெயிலில் ஏறக்குறைய பதினான்கு வரி அவருடைய கட்டுரையைப் பற்றியே இருந்தது. அதற்கு இரண்டு வரியில் பதில் வந்தது: "அந்த முறையை நாங்கள் கைவிட்டு இரண்டு வருடம் ஆகிறது. நீங்கள் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்?" பதில் வந்ததே பெரிய விஷயம், அவர் கேள்வியும் நியாயமானது. அப்போது நான் ஒரு முழு செமஸ்டர் உட்கார்ந்து எலும்பு எக்ஸ்ரே படங்களில் விளிம்பு கண்டுபிடிக்கும் ஒரு ப்ராஜெக்ட் செய்திருந்தேன், அவர் லேபில் அப்போது நடந்துகொண்டிருந்த வேலைக்குக் கிட்டத்தட்ட பக்கத்து வீடு. "அது வெறும் கல்லூரி ப்ராஜெக்ட்தானே, இதையெல்லாம் சொல்வதா" என்று அதை மெயிலில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவர் கேட்ட பிறகு எழுதினேன், ஆனால் அதற்குள் அந்தக் கோடைக்கான இடம் நிரம்பிவிட்டது. ஒரு வருடம் போனது.

அதனால் அந்தத் தங்கையிடம் வரைவைத் திருத்தச் சொல்லவில்லை. முதலில் ஒன்று கேட்டேன்: "உட்கருப் படங்களை நீ கையால் தொட்டிருக்கிறாயா?" தொட்டிருந்தாள். இமேஜ் ப்ராசஸிங் பாடத்துக்காக, BBBC039 என்ற பொதுத் தொகுப்பிலிருந்து பத்துப் படங்களை எடுத்து, வாட்டர்ஷெட் முறையில் உட்கருக்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். "எங்கே உதைத்தது?" என்று கேட்டேன். அப்புறம் நிற்காமல் பேசினாள்.

அவள் சொன்னது இதுதான். வாட்டர்ஷெட்டில் ஒவ்வொரு உட்கருவுக்கும் நடுவில் ஒரு விதைப்புள்ளி வேண்டும். விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறோம் என்ற தூரத்தை வைத்து, அதன் உச்சிகளை விதையாக எடுக்கிறோம். வட்டமான உட்கருவுக்கு ஒரே உச்சி வரும். நீளமாகவோ நடுவில் இடுங்கியோ இருந்தால் இரண்டு உச்சி வந்து, ஒரே உட்கரு இரண்டாக உடைந்துவிடும். விதைகளுக்கு இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச தூரத்தை, அதாவது `min_distance` மதிப்பை, உயர்த்தினால் உடைவது குறையும். ஆனால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன உட்கருக்கள் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறைகிறது. எல்லையைத் தனி வகுப்பாகக் கணிக்கும் அந்தக் கட்டுரை அவளுக்கு முக்கியமாகப் பட்டதே இதனால்தான். இது எதுவும் அவள் வரைவில் இல்லை, "தீராத ஆர்வம்" என்ற இரண்டு சொல்லுக்குள் எல்லாம் புதைந்து கிடந்தது.

சரி, இப்போது எழுது என்றேன். மூன்று முறை வெட்டிய பிறகு நின்றது இது:

> பொருள்: கோடை இன்டர்ன்ஷிப், மே 20 முதல் 10 வாரம்: ஒட்டிய உட்கருக்களைப் பிரிப்பது பற்றி
>
> மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,
>
> நான் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவி. BBBC039 தொகுப்பின் 10 படங்களில் வாட்டர்ஷெட் முறையால் உட்கருக்களைப் பிரித்துப் பார்த்தேன். நீளமான உட்கருக்களில் 86 இரண்டாக உடைந்தன. `min_distance` மதிப்பை 7-இலிருந்து 15-க்கு உயர்த்தியதும் அது 31 ஆகக் குறைந்தது, ஆனால் ஒட்டியிருந்த 26 ஜோடிகள் ஒன்றாகிவிட்டன.
>
> இந்தச் சிக்கலோடுதான் எல்லையைத் தனி வகுப்பாகக் கணிக்கும் உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில், கணித்த எல்லைக்கோட்டில் ஒரு சிறு இடைவெளி விழுந்தாலே இரண்டு உட்கருக்கள் ஒன்றாகிவிடும் என்று நினைக்கிறேன். பிழை அட்டவணையில் இந்த வகை தனியாக இல்லை. இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று அளந்து பார்க்க விரும்புகிறேன்.
>
> மே 20 முதல் 10 வாரம் முழுநேரமாக வர முடியும். பைத்தான் நன்றாகத் தெரியும். நியூரல் நெட்வொர்க்கை ஒரு பாடத்துக்காக மட்டுமே பயிற்றுவித்திருக்கிறேன். ரெஸ்யூமே, மதிப்பெண் பட்டியல், உடைந்த உட்கருக்களின் ஒரு படம் மூன்றையும் ஒரே பிடிஎஃபில் இணைத்திருக்கிறேன்.
>
> இந்தக் கோடையில் உங்கள் லேபில் இடம் இருக்குமா? இல்லையென்றால், இதில் வேலை செய்யும் பிஹெச்டி மாணவர் யாரிடமாவது பேசலாமா?

பாராட்டு ஒரு வரிகூட இல்லை, அதை யாரும் தேடமாட்டார்கள். படித்து முடித்ததும் இவளுக்கு எது தெரியும், எது தெரியாது, எப்போது வருவாள், என்ன கேட்கிறாள் என்பது தெரிந்துவிடுகிறது. என் மேஜைக்கு இது வந்தால் மறுபடி படிக்காமலே பேராசிரியருக்கு அனுப்பியிருப்பேன்.

எண்களைப் பற்றி ஒன்று. 86, 31, 26 என்பவை பெரிய சாதனை எண்கள் அல்ல, தோற்றுப்போன இடத்தின் எண்கள். ஆனால் தோற்றதை எண்ணி வைத்திருப்பவரை நம்பலாம், எண்ணுவதற்கு முதலில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டுமே. "94% துல்லியம் கிடைத்தது" என்று மட்டும் வரும் மெயில்களில் எனக்கு உடனே வரும் சந்தேகம், எதை எதோடு ஒப்பிட்டு 94 என்பது. பின்னணிப் பிக்சல்களையும் சேர்த்து எண்ணினால், படத்தில் பெரும்பகுதி வெறும் கறுப்பு என்பதால், எதையும் பிரிக்காத ஒரு முறைக்குக்கூட உயர்ந்த எண் வந்துவிடும். அப்படி ஒரு எண்ணைத் தெரியாமல் எழுதிவிட்டால், படிக்கும் நிபுணர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார்.

கேள்வியிலும் கவனம் வேண்டும். "உங்கள் கட்டுரையில் ஒரு குறை கண்டுபிடித்தேன்" என்ற தொனியில் எழுதாதீர்கள், நீங்கள் படித்தது ஒரு கட்டுரை, அவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று தெரியாது. அதனால்தான் அவள் "என்று நினைக்கிறேன்" என்று எழுதினாள். கட்டுரையின் இணைப்புக் கோப்பிலேயே பதில் இருக்கலாம், எழுதும் முன் அதையும் திறந்து பாருங்கள். அந்தப் பேராசிரியரின் கடைசி இரண்டு வருடக் கட்டுரைகளின் தலைப்புகளையாவது ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கைவிட்ட முறையைப் பற்றி எழுதி நான் பட்டது போதும்.

செய்த வேலை ஒன்றுமே இல்லையென்றால்? ஒரு வார இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவில் கிடைக்கும் தரவில் ஐந்து படத்தை எடுத்து, பாடத்தில் படித்த முறையை ஓட்டி, எங்கே உடைகிறது என்று எண்ணுங்கள். இருபது மெயில் அனுப்பும் நேரத்தில் இது முடிந்துவிடும். ஒரு வேலைக்கு நான்கைந்து பேராசிரியர்கள்தான் பொருந்துவார்கள், அவ்வளவு போதும், ஒவ்வொருவருக்கும் இரண்டாவது பத்தியை மட்டும் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

## "எந்த வேலையாக இருந்தாலும் செய்வேன்"

பணிவாகச் சொல்வதாக நினைத்து எழுதுகிறோம். படிப்பவருக்கு அது ஒரு கூடுதல் வேலை, உங்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று அவரே யோசிக்க வேண்டும். அதற்கு நேரமில்லாமல்தான் பதில் வராமல் போகிறது. பத்து வாரத்தில் முடியக்கூடிய ஒரு சிறிய வேலையை நீங்களே சொல்லுங்கள். அவர் அதை மாற்றிவிடுவார், மாற்றட்டும், பேச்சு தொடங்குவதற்கு ஒரு பிடி வேண்டும், அவ்வளவுதான்.

## தெரியாததை மறைப்பது

முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். எழுதிவிடுங்கள்.

## தேதி இல்லாத மெயில்

வேண்டாம்.

## ஏழு இணைப்புகள்

ஒரு பிடிஎஃப், உங்கள் பெயரில். முதல் பக்கம் ரெஸ்யூமே, அடுத்தது மதிப்பெண் பட்டியல், பிறகு ஒரே ஒரு படமோ அட்டவணையோ. சான்றிதழ்களை யாரும் திறப்பதில்லை.

## பதில் வராவிட்டால்

பத்து நாள் பொறுத்து, அதே மெயிலுக்கு ரிப்ளை செய்து இரண்டு வரி எழுதுங்கள். "நினைவூட்டுகிறேன்" என்று மட்டும் எழுதாமல், இடையில் நீங்கள் செய்த ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தங்கை அப்படித்தான், மேலும் ஐந்து படங்களை ஓட்டிப் பார்த்து, 'இடுங்கிய உட்கருக்கள்தான் பெரும்பாலும் உடைகின்றன' என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அந்தப் பேராசிரியரிடம் இந்த வருடம் இடம் இல்லை, நிதி முடிந்துவிட்டதாம். ஆனால் மெயிலைத் தன் பிஹெச்டி மாணவர் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறார், அவர் உட்கருக்கள் உடைந்த மற்ற படங்களையும் கேட்டு எழுதியிருக்கிறார். இந்த வெள்ளிக்கிழமை பேசப்போகிறார்கள்.

அந்த நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.