நெதர்லாந்து டீமுக்கு "வெள்ளிக்கிழமை முடியாது" என்று மெயில் எழுதுவது எப்படி?

நெதர்லாந்து, ஸ்வீடன் ஆட்களோடு புதிதாக வேலை பார்க்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் மெயில் எழுதத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு வகை மெயிலைத்தான் முழுதாகப் பார்க்கப்போகிறோம்: கேட்ட தேதிக்கு வேலை முடியாது என்று சொல்லும் மெயில். இதை எழுத வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

படி 1: பெயர்

"ஹாய் பீட்டர்" போதும். அவர் டீம் லீடாக இருந்தாலும், இயக்குநராக இருந்தாலும் முதல் பெயர்தான். சார், மேடம், "ரெஸ்பெக்டட்" எதுவும் வேண்டாம். அடுத்த வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிடலாம். நலம் விசாரிக்க வேண்டுமென்று உண்மையிலேயே தோன்றினால் கடைசி வரியில் விசாரியுங்கள்.

படி 2: முடிவு முதல் வரியில்

நான் அதிக நாள் சிரமப்பட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு ரிப்போர்ட்டை 14-ம் தேதி வெள்ளிக்கிழமை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் சர்வரில் இருப்பது பழைய தரவு. புதிய தரவு திங்கட்கிழமைதான் வரும். நம் ஊர் அலுவலகத்தில் இதை எப்படி எழுதுவோம்? "தங்கள் மெயிலுக்கு மிக்க நன்றி. டீம் முழு மூச்சாக வேலை செய்துகொண்டிருக்கிறது. டெஸ்ட் சர்வரில் சில சிக்கல்கள் இருக்கின்றன. இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க எங்களால் முடிந்த அளவு முயற்சி செய்கிறோம்."

இதைச் சென்னையில் இருக்கும் மேனேஜர் படித்தால் "சரி, வெள்ளி கஷ்டம்தான்" என்று புரிந்துகொள்வார். அதே மெயிலை நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் படிப்பவர் "வெள்ளிக்கிழமை வந்துவிடும்" என்று எடுத்துக்கொண்டு, தன் வாடிக்கையாளரிடமும் அந்தத் தேதியைச் சொல்லிவிடுவார். நாம் மரியாதைக்காகப் போட்ட "முயற்சி செய்கிறோம்" அவருக்கு வாக்குறுதி. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வராதபோது அவருக்கு வரும் கோபம் தாமதத்தால் வருவதில்லை. "தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை?" என்பதால் வருவது.

அதே விஷயம் இப்படிப் போக வேண்டும் (அனுப்புவது ஆங்கிலத்தில்தான், உள்ளடக்கத்தை மட்டும் தமிழில் தருகிறேன்):

> தலைப்பு: ரிப்போர்ட் 14-க்குத் தயாராகாது, 19 புதன்கிழமை தருகிறோம்
>
> ஹாய் பீட்டர்,
>
> ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை தயாராகாது. 19 புதன்கிழமை தருகிறோம்.
>
> டெஸ்ட் சர்வரில் இருப்பது பழைய தரவு. புதியது திங்கட்கிழமை கிடைக்கும், அதன்பின் சோதிக்க இரண்டு நாள் தேவை.
>
> வெள்ளிக்கிழமையே ஏதாவது வேண்டுமென்றால், பழைய தரவில் ஓடும் மாதிரியைத் தரலாம். எண்கள் சரியாக இருக்காது, வடிவத்தை மட்டும் பார்க்கலாம். அது உதவுமா? வியாழன் மதியத்துக்குள் சொன்னால் தயார் செய்கிறோம்.
>
> நன்றி,
> கார்த்திக்

தலைப்பிலேயே முடிவு இருக்கிறது. காரணம் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மாற்று வழியும், அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் இருக்கின்றன. மன்னிப்பு இல்லை. தரவு தாமதமானது உங்கள் தவறு இல்லையென்றால் மன்னிப்பு கேட்கவே வேண்டாம், கேட்டால் தவறு உங்களுடையது என்றே படிப்பார்கள். உங்கள் தவறுதான் என்றால் ஒருமுறை சொல்லுங்கள், போதும்.

எழுதிய மெயில் சரியா என்று பார்க்க ஒரு வழி: முதல் இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மறையுங்கள். "வருமா, வராதா? எப்போது?" என்பதற்குப் பதில் கிடைக்க வேண்டும். "அப்படியென்றால் வெள்ளிக்கிழமை உண்டா இல்லையா?" என்று அவரிடமிருந்து ஒரு வரிப் பதில் வந்தால், நீங்கள் அதிகம் மென்மையாக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

படி 3: சிசி-யில் யார்?

வேலையைச் செய்பவருக்கே நேரடியாக எழுதுங்கள். அவருடைய மேனேஜர் வழியாகப் போக வேண்டியதில்லை. மரியாதைக்கும் பாதுகாப்புக்கும் இரண்டு பக்க மேனேஜர்களையும் சிசி-யில் போடுவது நம் வழக்கம். அங்கே அது புகார் கொடுத்த மாதிரி ஆகிவிடும், "என்னிடம் பேசாமல் மேலே போய்விட்டார்" என்று நினைப்பார்கள். உங்கள் மேனேஜருக்குத் தெரிய வேண்டுமென்றால் தனியாக அனுப்புங்கள்.

படி 4: வரும் பதிலைப் படிப்பது

"இது நல்ல யோசனை இல்லை. ஏன் பழைய தரவில் சோதிக்கவில்லை?" இவ்வளவுதான் பதில் வரும். கோபமில்லை, நிஜமான கேள்வி. பதிலும் அப்படியே போகட்டும்: "ஒத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் பழைய தரவில் புதிய வரி விகிதம் இல்லை." உங்களைவிட மூத்தவரிடம் இப்படி எழுதலாம், எழுத வேண்டும் என்றே எதிர்பார்க்கிறார்கள். முடிவெடுக்கும் முன் எல்லோரும் மறுப்பைச் சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். பேசாமல் இருந்துவிட்டு முடிவுக்குப் பிறகு சொல்வதுதான் எரிச்சலூட்டும்.

ஒரே எல்லை: நேரடிப் பேச்சு வேலையைப் பற்றி மட்டும். "இந்த குவரி மெதுவாக ஓடுகிறது" சரி. "நீங்கள் கவனமாக எழுதவில்லை" அங்கேயும் சரியில்லை.

கருவி பற்றி ஒரு வார்த்தை. மெயிலை "இன்னும் பணிவாக" மாற்றச் சொல்லும் இலக்கணத் திருத்திகளின் அந்தப் பரிந்துரையை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். வெட்டிய வரிகளையெல்லாம் அது திரும்ப ஒட்டிவிடுகிறது.

அப்புறம், இதெல்லாம் சக ஊழியர்களுக்கு மட்டும். நெதர்லாந்தில் நகராட்சிக்கோ குடியேற்றத் துறைக்கோ டச்சு மொழியில் கடிதம் எழுதினால் குடும்பப் பெயரோடு, முறையான விளிப்போடுதான் தொடங்க வேண்டும்.

சேர்த்தது: ஸ்வீடன்காரர்களுக்கு

இதை அப்படியே ஸ்வீடன் டீமுக்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பாதி சரி. முதல் பெயர் விஷயத்தில் ஸ்வீடன் இன்னும் தீவிரம். 1967-ல் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவராக வந்த ப்ரூர் ரெக்ஸெட், ஊழியர் எல்லோரையும் முதல் பெயரிட்டு ஒருமையில் அழைப்பதாக அறிவித்தார். பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் பழைய வழக்கம் அந்தக் காலத்தில்தான் நாடு முழுக்க உதிர்ந்தது.

ஆனால் மறுப்புச் சொல்வதில் அவர்கள் நெதர்லாந்துக்காரர்கள் இல்லை. "இது கொஞ்சம் சிக்கலாக இருக்கலாம்", "இன்னொருமுறை யோசித்துப் பார்க்கலாமே" என்று வந்தால் அது பெரும்பாலும் மறுப்புதான். அங்கே நீங்கள்தான் திருப்பிக் கேட்க வேண்டும்: "அப்படியென்றால் இந்த வழி வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?" முடிவெடுக்கும் முன் டீமுக்குள் கலந்து பேசுவார்கள், அதனால் "நாளைக்குள் சொல்லுங்கள்" பலிக்காது. சில நாள் முன்பே கேளுங்கள்.

தேதிக்குப் பதில் வார எண்ணைத்தான் எழுதுவார்கள். "28-ம் வாரம் பார்க்கலாம்" என்றால் ஏறக்குறைய ஜூலை இரண்டாம் வாரம். கூகுள் காலண்டர் செட்டிங்ஸில் `Show week numbers` என்பதை டிக் செய்துவிடுங்கள். அந்த வாரத்துக்கு எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளும் முன் ஆள் இருப்பாரா என்று கேளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் தொடர்ச்சியாக 4 வாரம் விடுப்பு எடுக்க ஸ்வீடனில் சட்டமே உரிமை தருகிறது, பலரும் எடுப்பது ஜூலையில்தான்.