போட்டோவைப் பார்த்தே துணியைக் கண்டுபிடிப்பது: முழங்கையில் தொடங்குங்கள்

லினன் என்று போட்டிருந்ததை நம்பி, ஆன்லைனில் வெளிர்பச்சைச் சட்டை ஒன்று வாங்கினேன். வந்தது பாலியஸ்டர். கோபம் ஆறியதும் அதே போட்டோவைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். குற்றவாளி அங்கேயே நின்றுகொண்டிருந்தான், நான்தான் கவனிக்கவில்லை. அந்தச் சட்டையை வைத்தே சொல்கிறேன்.

படி 1: முதலில் வெளிச்சம்

துணிக்குப் போகும் முன் மாடலின் தாடைக்குக் கீழே விழும் நிழலைப் பாருங்கள். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் வெளிச்சம் கடுமையானது. சாதாரணப் பருத்திகூடக் கொஞ்சம் மினுங்கும். ஓரம் கலங்கலாக இருந்தால் மென்மையான வெளிச்சம். சாட்டின்கூட அடங்கித் தெரியும். என் சட்டை போட்டோவில் நிழல் கலங்கல்தான். அந்த வெளிச்சத்திலும் பளபளப்பு தெரிகிறது என்றால், அது துணியின் குணம்.

படி 2: துணி எங்கே மடங்குகிறது?

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். முழங்கை உள்பக்கம், இடுப்பு, உட்கார்ந்திருந்தால் மடி. இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: ஒன்று கசங்கல், இன்னொன்று துணி தானாக விழும் மடிப்பு.

லினன் நார் இழுபடாது. அதனால் ஒருமுறை மடங்கினால் தடம் அப்படியே நிற்கும். முழங்கையில் காகிதத்தைக் கசக்கிப் பிரித்ததுபோல் கூர்மையான கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். க்ரேப்பில் இந்தக் கோடுகள் அநேகமாக இருக்காது. அது தன் எடையிலேயே வழிந்து இறங்கும். இடுப்பிலிருந்து நெருக்கமான, நீளமான மடிப்புகள் கீழ்வரை ஓடும். ஷிஃபானுக்கு அந்த எடையும் இல்லை, மாடல் ஓரடி வைத்தாலே ஓரம் உடம்பைவிட்டு விலகி மிதக்கும். டெனிம் மடங்கவே யோசிக்கும்: மடிப்புகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் குழாய்போல் தடிமனாக நிற்கும். மேற்பரப்பைத் தேய்த்துப் பஞ்சுபோல் ஆக்கிய பிரஷ்டு காட்டனின் மடிப்பு போர்வையின் மடிப்புபோல, முனை உருண்டு உப்பலாக இருக்கும்.

என் சட்டைக்கு வருவோம். மாடல் கையை மடக்கி இடுப்பில் வைத்திருக்கிறார். முழங்கையில் வளைந்த மடிப்பு இரண்டு. கசங்கல் ஒன்றுகூட இல்லை. லினன் அப்படி இருக்காது.

படி 3: ஒரே ஒரு மடிப்பின் முகடு

மொத்தச் சட்டையும் மின்னுகிறதா என்று பார்க்காதீர்கள். ஒரு மடிப்பை எடுத்து, அதன் மேடான பகுதியில் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சாட்டினில் அங்கே வெள்ளையாகப் பளிச்சென்று ஒரு கோடு ஓடும். க்ரேப்பின் நூல் அதிகம் முறுக்கப்பட்டது. அதனால் மேற்பரப்பு பொடிப்பொடியாக மேடுபள்ளமாகி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கோடு வராமல், வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மெதுவாக மங்கும். பிரஷ்டு காட்டனில் மினுக்கமே இருக்காது. பின்னணி இருட்டாக இருந்தால் தோள் ஓரத்தில் மெல்லிய பூனைமுடி தெரியும்.

லினனில் லேசான மினுக்கம் உண்டு, ஆனால் அங்கங்கே தடித்த நூல்கள் அதை உடைத்துவிடும். என் சட்டையிலும் தடித்த நூல்கள் இருந்தன. ஏமாந்ததே அவற்றைப் பார்த்துத்தான். லினன் மாதிரித் தெரிய பாலியஸ்டரிலும் அப்படி நெய்வார்கள். ஆனால் தோள் மடிப்பின் முகட்டில் அறுபடாத வெள்ளைக் கோடு. முழங்கையோடு சேர்த்துப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும்.

படி 4: ஓரமும் அடுக்கும்

சந்தேகம் தீரவில்லையா? ஷிஃபான் கையில் ஒற்றை அடுக்கில் தோல் தெரியும். கொசுவத்தில் அடுக்குகள் சேருமிடத்தில் நிறம் கூடும். டெனிமில் மடித்துவிட்ட கால்முனையைப் பாருங்கள்: நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குத்தான் நீலச் சாயம், குறுக்கே ஓடும் ஊடை பெரும்பாலும் வெள்ளை, அதனால் உள்பக்கம் வெளிறித் தெரியும். டெனிம் மாதிரி அச்சடித்த துணியில் மேல்பக்கத் தையலோரம் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வெளுத்திருக்காது.

எங்கே இது உதவாது

போட்டோ பெரும்பாலும் நெசவையும் கனத்தையும்தான் காட்டும், நாரை அல்ல. ஷிஃபான் என்று சொல்லலாம்; பட்டா பாலியஸ்டரா என்று சொல்வது கடினம். விஸ்கோஸ் கலந்த லினன் குறைவாகக் கசங்கும் என்பதால், கசங்கல் இல்லாததை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். பொம்மைக்கு மாட்டிய சட்டையை நன்றாக இஸ்திரி போட்டு, முதுகில் கிளிப் மாட்டி இழுத்திருப்பார்கள். அதில் மடிப்பைத் தேடுவது வீண். வாங்கியவர்கள் போட்ட, உட்கார்ந்தபடி எடுத்த படம் ஒன்று கிடைத்தால் அதுவே மேல்.

வெள்ளைத் துணியில் வெளிச்சம் கூடி முகடு கரைந்துவிடும். கறுப்பில் மடிப்பே தெரியாது. அதே டிசைனில் நடுத்தர நிறம் ஏதாவது இருக்கும். வாங்கப்போவது வெள்ளையாகவே இருந்தாலும், அந்த நிறத்தின் போட்டோவைத் திறந்து முழங்கையைப் பாருங்கள்.