ஸ்டோரேஜ் யூனிட்டைக் காலி செய்யும் கடிதம்: ஒரு மாத வாடகையை வீணாக்கும் தவறுகள்

வீடு மாற்றும்போதோ இடித்துக் கட்டும்போதோ கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் மாத வாடகைக்கு ஒரு ஸ்டோரேஜ் யூனிட்டில் போட்டு வைப்பது சென்னை, பெங்களூரு பக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. எடுக்கும்போது எல்லோரும் விவரமாக இருக்கிறார்கள், எத்தனை சதுர அடி, ஏசி உண்டா, கரையான் மருந்து அடிப்பார்களா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். காலி செய்யும்போது மட்டும் "மேனேஜர் சார், அடுத்த மாசம் எடுத்துடுறோம்" என்று ஒரு வாட்ஸ்அப் தட்டிவிட்டு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். டெபாசிட் திரும்பி வராததற்கும், போன மாதமே காலி செய்த யூனிட்டுக்கு இந்த மாதமும் பில் வருவதற்கும் பெரும்பாலும் காரணம் அந்த ஒரு வரிதான்.

முதல் தவறு தேதி. "வரும் மாதக் கடைசியில்", "இன்னும் ஒரு மாதத்தில்" என்றெல்லாம் எழுதினால் அது நோட்டீஸே இல்லை, யோசனையில் இருக்கிறீர்கள் என்றுதான் எதிராளி எடுத்துக்கொள்வார். கடிதத்தில் இரண்டு தேதிகள் தனித்தனியாக, நாள் மாதம் ஆண்டோடு இருக்க வேண்டும். ஒன்று, வாடகை ஒப்பந்தம் முடியும் தேதி. இன்னொன்று, சாமான்களை எடுத்து முடித்து யூனிட்டை ஒப்படைக்கும் தேதி. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும், ஆனால் ஒரே நாளாக வைத்தால் லாரி வராத அன்று மாட்டிக்கொள்வீர்கள். ஒப்படைப்பை இரண்டு மூன்று நாள் முன்னாலேயே வையுங்கள், அதுவும் அவர்களுடைய அலுவலகத்தில் ஆள் இருக்கும் வேலை நாளாகப் பார்த்து.

அடுத்தது நாள் கணக்கு, பணம் போவது இதில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது சதுர அடி யூனிட், மாத வாடகை 3,500 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 630, மொத்தம் 4,130. வாடகை மாதம் 1-ஆம் தேதி முன்கூட்டியே கட்ட வேண்டும், காலி செய்ய 30 நாள் எழுத்து மூலமான நோட்டீஸ், பாதி மாதத்துக்குப் பணம் திருப்பித் தர மாட்டோம் என்பது ஒப்பந்தம். நீங்கள் ஜூலை 31-க்குள் வெளியே வந்துவிட நினைக்கிறீர்கள். கடிதத்தை ஜூன் 29-ஆம் தேதி எழுதித் தேதியும் போட்டுவிட்டீர்கள், ஆனால் பையிலேயே கிடந்து அவர்கள் கைக்கு ஜூலை 2-ஆம் தேதிதான் போகிறது. நோட்டீஸ் காலம் பொதுவாக எழுதிய தேதியிலிருந்து ஓடாது, கிடைத்த தேதியிலிருந்துதான் ஓடும், கிடைத்த அந்த நாளையும் கழித்துவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவார்கள். ஜூலை 3 முதல் நாள் என்றால் முப்பதாவது நாள் ஆகஸ்ட் 1. ஒரே ஒரு நாள் ஆகஸ்டுக்குள் கால் வைத்துவிட்டது, இந்த ஒப்பந்தப்படி ஆகஸ்ட் மாத வாடகை முழுசாக 4,130 ரூபாய். ஜூலை 1-ஆம் தேதி கொடுத்திருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம், அதுவும் சரியாக மயிரிழையில். அதனால் ஒரு வாரமாவது முன்னதாக, ஜூன் 24, 25 வாக்கில் கொடுத்துவிடுவதுதான் நிம்மதி.

சில ஒப்பந்தங்களில் '30 நாள்' என்பதற்குப் பதில் 'ஒரு முழு காலண்டர் மாதம்' என்று போட்டிருப்பார்கள். அங்கே ஜூலை 1-ஆம் தேதி கொடுத்தால்கூட ஆகஸ்ட் கடைசி வரை கட்டச் சொல்ல வழி இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு மாத வாடகை, அதனால் கடிதம் எழுத உட்காருவதற்கு முன்னால் அந்தப் பத்தியைத் தேடி எடுத்துப் படித்துவிடுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். "சட்டப்படி 15 நாள் நோட்டீஸ் போதும்" என்று யாராவது சொல்வார்கள். அது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 106-ஆவது பிரிவில் இருப்பது உண்மைதான், மாத வாடகைக்கு எழுத்து மூலம் 15 நாள், அதுவும் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து. ஆனால் அந்தப் பிரிவு தொடங்கும்போதே, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத இடத்தில் என்றுதான் தொடங்குகிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் 30 நாள் என்று இருந்தால் 30 தான். போதாக்குறைக்கு, ஸ்டோரேஜ் நிறுவனங்கள் பலவும் வாடகை ஒப்பந்தம் என்று போடாமல் உரிமம் என்றுதான் போடுகின்றன, அதாவது இடத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டும். அப்போது இந்த 15 நாளைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை.

யாருக்கு, எப்படி அனுப்புவது என்பதிலும் சறுக்குகிறார்கள். கேட்டில் இருக்கும் மேனேஜர் நல்ல மனிதராகவே இருக்கலாம், அடுத்த வாரம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் உங்கள் வாட்ஸ்அப்பும் அவரோடு போய்விடும். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரியோ மின்னஞ்சலோ குறிப்பிட்டிருப்பார்கள், அங்கேதான் அனுப்ப வேண்டும். நேரில் கொடுத்தால் இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் 'பெறப்பட்டது' என்று தேதி, கையெழுத்து, முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் என்றால், பதிவுத் தபால் இப்போது தனிச் சேவையாக இல்லை, 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி டெலிவரி ஆன தேதிக்கு அத்தாட்சி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிவையுங்கள், தவறில்லை, அது கூடுதலுக்குத்தான்.

கடிதத்தில் கதை வேண்டாம். ஏன் காலி செய்கிறீர்கள், மழைக்காலத்தில் மெத்தை எப்படிப் பூஞ்சை பிடித்தது, லிஃப்ட் எத்தனை நாள் வேலை செய்யவில்லை என்பதையெல்லாம் இதே தாளில் கொட்டினால், படிப்பவர் அதைப் புகாராக எடுத்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்குவார், நோட்டீஸ் நடுவில் எங்கேயோ தொலைந்துபோகும். புகார் இருந்தால் அதற்குத் தனிக் கடிதம். இதில் யூனிட் எண், ஒப்பந்த எண், யார் பெயரில் ஒப்பந்தமோ அவருடைய கையெழுத்து, இவை விட்டுப்போகாமல் இருந்தால் போதும். கணவர் பெயரில் ஒப்பந்தம், மனைவி மின்னஞ்சலிலிருந்து நோட்டீஸ் என்று போனால், ஒப்பந்ததாரரிடமிருந்து வரவில்லை என்று தள்ளிவைக்க அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

மேலே சொன்ன கணக்குக்கு ஏற்றபடி எழுதினால் இப்படி இருக்கும்:

தேதி: 24.06.2026

பொருள்: யூனிட் எண் ___, ஒப்பந்த எண் ___: காலி செய்வதற்கான நோட்டீஸ்

ஐயா/அம்மா,

மேற்கண்ட யூனிட்டின் மாத வாடகை ஒப்பந்தத்தை 31.07.2026 அன்றோடு முடித்துக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் உள்ள 30 நாள் நோட்டீஸாக இக்கடிதத்தை ஏற்றுக்கொள்ளவும். ஜூலை மாத வாடகையை வழக்கம்போல் செலுத்திவிடுகிறேன்.

29.07.2026, புதன்கிழமை காலை 11 மணிக்கு யூனிட்டை முழுவதுமாகக் காலி செய்து, என் பூட்டை எடுத்துவிட்டு, நுழைவு அட்டையை ஒப்படைக்கிறேன். அப்போது உங்கள் தரப்பில் ஒருவர் யூனிட்டைப் பார்வையிட்டு எழுத்தில் உறுதி செய்ய வேண்டுகிறேன். அந்த நேரம் வசதிப்படாவிட்டால் 31-ஆம் தேதிக்குள் வேறு நேரம் தெரிவிக்கவும்.

டெபாசிட் 7,000 ரூபாயைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தவும். பிடித்தம் ஏதும் இருந்தால் காரணத்தோடும் பில்லோடும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
(பெயர், கையெழுத்து, தொலைபேசி எண், வங்கி விவரம்)

அவ்வளவுதான். 'தயவுசெய்து அனுமதிக்கவும்' என்று முடிக்கிறவர்கள் உண்டு, நான் அதைச் சேர்க்க மாட்டேன். நீங்கள் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறீர்கள்.

அப்புறம், டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள் என்ற வரி. வீட்டு வாடகையில் நம் ஊர்ப் பழக்கம் அது, கடைசி மாதங்களுக்கு அட்வான்ஸில் கழித்துக்கொண்டு போவது. இங்கே அப்படி எழுதாதீர்கள். முதலில் கணக்கே ஒத்துவராது: டெபாசிட் வரி இல்லாத இரண்டு மாத வாடகை, 7,000. வாடகையாகக் கழித்தால் வரியும் சேர்ந்துகொள்ளும், இரண்டு மாதத்துக்கு 8,260. ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய் நீங்கள் பாக்கி. பாக்கி விழுந்தால் யூனிட்டைத் திறக்க முடியாதபடி நுழைவு அட்டையை நிறுத்தவோ, உங்கள் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டுப் போடவோ பல ஒப்பந்தங்கள் இடம் கொடுக்கின்றன. லாரி வாசலில் நிற்க, பூட்டின் மேல் பூட்டோடு நிற்பீர்கள். யுபிஐ ஆட்டோபேயை அவசரப்பட்டு ரத்து செய்தாலும் இதே நிலைதான். ஜூலை 1-ஆம் தேதி வாடகை பிடித்து முடிந்த பிறகு, ஆகஸ்ட் 1 வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ரத்து செய்யுங்கள். மறந்தும் விடாதீர்கள், நோட்டீஸ் கொடுத்தால் ஆட்டோபே தானாக நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

ஒப்படைக்கும் நாளில் நடக்கும் தவறு ரொம்பச் சின்னது, பூட்டு. பெரும்பாலான இடங்களில் பூட்டு உங்களுடையது. சாமானையெல்லாம் எடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் பூட்டைப் போட்டு சாவியைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டால், அவர்கள் கணக்கில் அந்த யூனிட் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. உள்ளே ஒரு கிழிந்த அட்டைப்பெட்டி மிச்சம் இருந்தாலும், காலி ஆகவில்லை என்று சொல்ல முடியும். கூட்டிப் பெருக்கி, கதவைத் திறந்து வைத்து, தரை, நான்கு சுவர், ஷட்டர், யூனிட் எண் எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு நிமிட வீடியோ எடுங்கள். அங்கேயே நின்று, 'யூனிட் காலியாகப் பெறப்பட்டது, நுழைவு அட்டை பெறப்பட்டது' என்று தேதியோடு ஒரு வரி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், வாசலைத் தாண்டும் முன்பே அதே விஷயத்தை வீடியோவோடு அலுவலக மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள்.

சில சமயம் 29-ஆம் தேதி நிஜமாகவே முடியாமல் போகும், புது வீட்டில் பெயின்ட் காயவில்லை, ஆள் கிடைக்கவில்லை. 31-க்குள் முடியுமென்றால் ஒப்படைப்புத் தேதியை மட்டும் மாற்றி ஒரு வரி அனுப்பினால் போதும், முதல் நோட்டீஸ் அப்படியே நிற்கும். 31-ஐயும் தாண்டும் என்றால் சும்மா இருந்துவிடாதீர்கள், பேசாமல் ஆகஸ்டிலும் சாமானை வைத்திருந்தால் மாத வாடகை தொடர்கிறது என்று எடுத்துக்கொண்டு மறுபடி 30 நாள் நோட்டீஸ் கேட்பார்கள். முன்கூட்டியே எழுதி, ஆகஸ்ட் ஒரு மாதத்துக்கு மட்டும் நீட்டிப்பு, புதிய முடிவுத் தேதி 31.08.2026, இதற்குத் தனி நோட்டீஸ் தேவையில்லை என்று அவர்களையே பதில் மின்னஞ்சலில் ஒப்புக்கொள்ள வையுங்கள், அந்தப் பதில் வந்த பிறகு ஆகஸ்ட் வாடகையைக் கட்டுங்கள்.